கள்வனைக் கண்டு ஓடுவது யார்?

1643ஆம் ஆண்டு மே மாதம். ஹேக் நகரில் அடைக்கலமாக வாழ்ந்துவந்த போஹீமிய இளவரசி எலிசபெத், பிரெஞ்சுத் தத்துவவாதி ரெனே டெக்கார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அரசை இழந்த குடும்பத்தின் பெண், வயது 24. கணிதமும் இலத்தீனும் நன்கு கற்றவர். கடிதத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. உடம்பில்லாத, இடத்தை அடைக்காத ஆன்மா, உடம்பை எப்படி அசைக்கிறது?

கேள்விக்குப் பின்னால் அவர் காட்டிய தர்க்கமும் எளிமையானது. ஒரு பொருள் நகர வேண்டுமானால் இன்னொன்று அதைத் தள்ள வேண்டும். தள்ளுவதற்குத் தொட வேண்டும். தொடுவதற்கு மேற்பரப்பு வேண்டும், அதாவது கொஞ்சமாவது இடத்தை அடைக்க வேண்டும். ஆனால் ஆன்மாவுக்கு நீளம், அகலம், கனம் எதுவும் இல்லை என்று டெக்கார்ட் தம் நூலில் அடித்துச் சொல்லியிருந்தார். அப்படியானால் என் கையை நான் தூக்கும்போது என்னதான் நடக்கிறது?

‘தியானங்கள்’ என்ற அந்த நூல் 1641இல் வெளிவந்தது. அதில் டெக்கார்ட் உலகில் உள்ள படைப்புகளை இரண்டாக வகுத்தார். ஒன்று சிந்திக்கும் பொருள். மற்றது இடத்தில் விரிந்து கிடக்கும் பொருள். சந்தேகப்படுவது, புரிந்துகொள்வது, விரும்புவது, மறுப்பது, கற்பனை செய்வது எல்லாம் முதல் பக்கம். எலும்பு, இரத்தம், நரம்பு, கல், மரம், மாடு எல்லாம் இரண்டாம் பக்கம். மாட்டையும் இங்கே சேர்த்ததைக் கவனிக்க வேண்டும். விலங்குகளுக்கு ஆன்மா இல்லை, அவை நுட்பமான இயந்திரங்களே என்பது அவர் கொள்கை. இந்தப் பிரிவினையில் அவருக்கு ஒரு பெரிய வசதி இருந்தது. பருப்பொருளிலிருந்து மனத்தின் சாயலை முழுக்கத் துடைத்துவிட்டால், அதை அளவுகளையும் இயக்கத்தையும் கொண்டு மட்டுமே விளக்கிவிடலாம். புதிய இயற்பியலுக்கு அதுதான் தேவைப்பட்டது.

எலிசபெத்துக்கு அவர் எழுதிய பதில் ஏமாற்றம் தருவது. கனம் என்ற குணம் கல்லைத் தொடாமலே கீழே இழுப்பதாக நாம் எண்ணுகிறோம் அல்லவா, ஆன்மா உடம்பை அசைப்பதையும் அப்படி எண்ணிப் பாருங்கள் என்றார். ஆனால் கல்லுக்குள் அப்படியொரு தனிக் குணம் கிடையாது என்று தம் இயற்பியலில் மறுத்தவரே அவர்தான். இளவரசி விடவில்லை. ஜூன் மாதக் கடிதத்தில், உடம்பில்லாத ஒன்று உடம்பை அசைக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, ஆன்மாவும் ஒருவகைப் பருப்பொருள்தான் என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிதாக இருக்கிறது என்று எழுதினார். அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். உடம்பில்லாமலே இருக்கக்கூடியது, நன்றாகச் சிந்திக்கத் தெரிந்தது என்று சொல்லப்படும் ஆன்மா, உடலுக்குள் ஏதோ சில ஆவிகள் எழுந்தால் சிந்திக்கும் திறனையே இழந்துவிடுகிறதே, அது ஏன்? நோயின்போது உடம்பில் கெட்ட ஆவிகள் கிளம்பி அறிவைக் கலக்கும் என்பது அக்கால மருத்துவ நம்பிக்கை. இன்றைக்கு நாம் காய்ச்சல் பிதற்றல், சாராயம், மயக்க மருந்து, மறதி நோய் என்று சொல்லலாம்.

முதல் கேள்வியைத்தான் தத்துவ வரலாறு கொண்டாடுகிறது. எனக்கு இரண்டாவதுதான் கூர்மையாகப் படுகிறது. ஆன்மா உடம்பை அசைப்பது ஒரு புதிர் என்றால், சாராயம் ஆன்மாவின் கணக்குப் போடும் திறனைக் கெடுப்பது அதைவிடப் பெரிய புதிர். சிந்தனையே ஆன்மாவின் இயல்பு என்று சொல்லிவிட்ட பிறகு, அந்த இயல்பின் மீது மதுவுக்கு எப்படிக் கை நீளும்?

இந்தக் கேள்வியைச் சாங்கியரிடம் கேட்டிருந்தால், அவர்கள் நெற்றியைச் சுருக்கியிருக்க மாட்டார்கள். அவர்களும் உலகை இரண்டாகப் பிரித்தவர்கள்தான். ஆனால் கோட்டை வேறு இடத்தில் கிழித்தவர்கள்.

சாங்கியம் தமிழருக்குப் புதியதல்ல. மணிமேகலை வஞ்சி நகரில் பல சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில் சாங்கியவாதியும் வருகிறான். திருக்குறளின் நீத்தார் பெருமை அதிகாரத்தில் ஐம்புலன்களைப் பற்றிய குறளுக்கு உரை எழுதும்போது, பரிமேலழகர் சாங்கிய நூலின் இருபத்தைந்து தத்துவங்களையும் அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறார். புருடன், மூலப்பகுதி, மான், அகங்காரம், மனம் என்று அவர் தரும் பெயர்களையே நாமும் எடுத்துக்கொள்ளலாம். மூலப்பகுதி என்பது பிரகிருதி. மான் என்பது புத்தி.

இந்தத் தரிசனத்துக்கு இன்று நம்மிடம் உள்ள அடிப்படை நூல் ஈசுவரகிருஷ்ணரின் ‘சாங்கிய காரிகை’. எழுபது சொச்சம் செய்யுள்கள் கொண்ட சிறிய நூல். 6ஆம் நூற்றாண்டில் பரமார்த்தர் என்ற பௌத்தத் துறவி இதை உரையோடு சீன மொழியில் பெயர்த்துவிட்டார் என்பதால், நூல் அதற்கு முந்தியது என்று தெரிகிறது. இது துன்பத்தில் தொடங்குகிறது. துன்பத்தை அடியோடு நீக்க வழி என்ன என்பதே இதன் முதல் கேள்வி. எதைச் சந்தேகமில்லாமல் அறியலாம் என்பது டெக்கார்ட்டின் தொடக்கம். இரண்டு பிரிவினைகளும் வேறுவேறு தேவைக்காகப் பிறந்தவை என்பதை மறந்தால் ஒப்பீடு தடம் புரளும்.

சாங்கியத்தின் ஒரு பக்கத்தில் புருடன் இருக்கிறான். அவன் வெறும் அறிவொளி. செயலற்றவன், மாறாதவன், சாட்சி. மறுபக்கத்தில் பிரகிருதி. சத்துவம், இராசதம், தாமதம் என்ற மூன்று குணங்களால் ஆனது. அதிலிருந்து முதலில் புத்தி தோன்றுகிறது. புத்தியிலிருந்து அகங்காரம். அகங்காரத்திலிருந்து ஒருபுறம் மனமும் பத்துப் பொறிகளும், மறுபுறம் ஐந்து நுண்பூதங்களும், அவற்றிலிருந்து நிலம், நீர் முதலான பருப்பூதங்களும். வரிசையின் தலைப்பைக் கவனித்தால் போதும். தீர்மானிக்கும் புத்தி, ‘நான்’ என்னும் அகங்காரம், எண்ணும் மனம் ஆகிய மூன்றும் மண்ணும் நீரும் இருக்கும் பக்கத்திலேயே இருக்கின்றன. மண்ணில் தாமதம் மிகுதி, புத்தியில் சத்துவம் மிகுதி. வேறுபாடு அவ்வளவே. ஆகவே பிரகிருதியைச் சடப்பொருள் என்று பாடநூல்கள் எழுதும்போது வாசகர் மனத்தில் கல்லும் மண்ணும் மட்டும் தோன்றினால், அது தவறான படம்.

இதை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்பது நல்லது. காரிகைக்குத் ‘தத்துவ கௌமுதி’ என்ற உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் ஒரு காட்சியைத் தருகிறார். மங்கிய வெளிச்சத்தில் ஒருவன் நடந்து போகிறான். எதிரே ஏதோ ஒன்று தெரிகிறது. என்னவென்று தெளிவில்லை. இது கண்ணின் வேலை. பிறகு உற்றுக் கவனிக்கிறான். நாணைக் காதளவு இழுத்து, அம்பு தொடுத்து நிற்கும் கொடிய வழிப்பறிக் கள்வன் என்று அடையாளம் தெரிகிறது. இது மனத்தின் வேலை. அடுத்து, அவன் என்னை நோக்கித்தான் வருகிறான் என்ற உணர்வு. இங்கே ‘என்னை’ என்பது சேர்ந்துவிட்டது. அது அகங்காரம். கடைசியாக, இங்கிருந்து விலகிவிட வேண்டும் என்ற முடிவு. அது புத்தி. சில நேரங்களில் இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்காமல் ஒரே கணத்தில் நடந்துவிடும் என்றும் அவர் சொல்கிறார். மின்னல் வெளிச்சத்தில் எதிரே புலியைக் கண்டவன் துள்ளிக் குதிப்பதைப் போல.

இந்தக் கதையில் புருடன் எங்கே? கண்டது அவன் இல்லை, அடையாளம் கண்டதும் இல்லை, பயந்ததும் இல்லை, முடிவெடுத்ததும் இல்லை, ஓடியதும் இல்லை. இத்தனையும் நடப்பது ஒருவருக்குத் தெரிகிறதே, அந்தத் தெரிதல் மட்டும்தான் அவன்.

இப்போது இதே வழிப்போக்கனை டெக்கார்ட்டிடம் ஒப்படைப்போம். 1649இல் வந்த ‘ஆன்மாவின் உணர்ச்சிகள்’ என்ற நூலில், ஒரு மிருகம் நம்மை நோக்கி வருவதைப் பார்க்கும் காட்சியை அவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டு கண்களிலும் விழும் இரண்டு உருவங்கள் மூளைக்குள் போகின்றன. அங்கே நடுவில் இருக்கும் சிறு கூம்புச் சுரப்பியில் அவை ஒன்றாகச் சேர்கின்றன. ஆன்மா அந்த உருவத்தைக் காண்கிறது. உருவம் பயங்கரமாக இருந்தால் அச்சம் எழுகிறது. நரம்புகளில் ஓடும் நுண்ணிய பாய்மம் கால் தசைகளுக்குப் பாய்ந்து, உடம்பு ஓட ஆயத்தமாகிறது. இதுவரை எல்லாம் இயந்திரமே நடத்திவிடும், ஆன்மாவின் ஒப்புதல் தேவையில்லை என்றே அவர் சொல்கிறார். ஆனால் அச்சம் கால்களை ஓடத் தூண்டும்போது, ஓடாமல் நிற்பேன் என்று ஆன்மாவின் விருப்பாற்றல் அந்தக் கால்களைத் தடுத்து நிறுத்தலாம். அப்படித் தடுக்க வேண்டுமானால் அது அந்தச் சுரப்பியை அசைக்க வேண்டும். எலிசபெத்தின் கேள்வி குத்தும் இடம் இதுவே. சுரப்பி எவ்வளவு சிறியதானாலும் அது பருப்பொருள். எல்லையைப் பட்டாணி அளவுக்குச் சுருக்கிவிட்டதால் எல்லைச் சிக்கல் தீர்ந்துவிடாது.

சாங்கியனுக்கு இந்த இடத்தில் சிக்கலே இல்லை. ஓடுவதென்று முடிவெடுத்தாலும் நிற்பதென்று முடிவெடுத்தாலும் முடிவெடுத்தது புத்தி. காலும் பிரகிருதி, புத்தியும் பிரகிருதி. தொட முடியாத ஒன்று தொடக்கூடிய ஒன்றைத் தள்ள வேண்டிய கட்டாயம் எங்கும் வரவில்லை. சாராயக் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடுகிறது. குடித்தவனின் புத்தி கலங்குகிறது என்றால், குணங்களால் ஆன ஒன்று குணங்களால் ஆன இன்னொன்றைக் கலக்குகிறது. மூளையில் அடிபட்டவர் பெயர்களை மறந்தால், குணமே மாறிப் போனால், அதுவும் அப்படித்தான். நினைவோ பண்போ புருடனிடம் இருந்ததே இல்லை. காரிகை இன்னும் ஒரு படி மேலே போகிறது. அறம், ஞானம், பற்றின்மை ஆகியவைகூடப் புத்தியின் தன்மைகள்தானாம்.

மாட்டுக்கும் இங்கே இடம் கிடைத்துவிடுகிறது. பிரமன் முதல் புல் ஈறாக எல்லாம் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. குணங்களின் விகிதம்தான் வேறு. சிந்திக்கத் தெரியாத உயிருக்கு உள்ளே யாரும் இல்லை என்று சொல்லும் நெருக்கடி, சிந்தனையை ஆன்மாவின் அடையாளமாக வைத்தவருக்குத்தான் வரும்.

இதுவரை படித்தவர் சாங்கியம் வென்றுவிட்டது என்று முடிவுகட்டியிருக்கலாம். உண்மையில் அது சிக்கலைத் தீர்க்கவில்லை, இடம் மாற்றியிருக்கிறது. உடம்புக்கும் மனத்துக்கும் இடையே இருந்த பிளவு, மனத்துக்கும் சாட்சிக்கும் இடையே போய்விட்டது. அங்கே அதே கேள்வி வேறு உடையில் காத்திருக்கிறது. ஒன்றும் செய்யாத புருடனுக்கும் ஒன்றும் அறியாத பிரகிருதிக்கும் என்ன தொடர்பு? புத்திக்குள் நடப்பது அவனுக்கு எப்படித் தெரிகிறது?

காரிகை தரும் பதில் புகழ்பெற்றது. முடவனும் குருடனும் சேர்ந்து காட்டைக் கடப்பதைப் போல, பார்க்கத் தெரிந்து நடக்கத் தெரியாத புருடனும், நடக்கத் தெரிந்து பார்க்கத் தெரியாத பிரகிருதியும் சேர்கின்றனர். 8ஆம் நூற்றாண்டில் சங்கரர் பிரம்ம சூத்திர உரையில் இந்த உவமையைப் பிடித்துக்கொண்டார். முடவன் வாய் திறந்து வழி சொல்கிறான். அதுவும் ஒரு செயல்தானே? உங்கள் புருடனோ எந்தச் செயலும் இல்லாதவன், அவன் எப்படி வழி காட்டுவான்? காந்தம் இரும்பை இழுப்பதைப் போல அருகில் இருப்பதே போதும் என்று சொன்னால், அந்த அருகாமை என்றும் இருப்பது. அப்படியானால் பிரகிருதியின் இயக்கமும் என்றும் நிற்காது, விடுதலையும் கிடைக்காது. எலிசபெத்துக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் முன்பே, வேறொரு மரபில், வேறொரு இருமைவாதத்தின் மீது விழுந்த அடி இது. சங்கரருக்கு இதில் தனி நோக்கம் உண்டு என்பதும் உண்மை. இரண்டே வேண்டாம் என்பவர் அவர்.

உரையாசிரியர்கள் கிடைத்த வழி பிரதிபலிப்பு. சத்துவம் மிகுந்த புத்தி கண்ணாடிபோல் தெளிந்தது. அதில் புருடனின் ஒளி விழுகிறது. அதனால் அறிவற்ற புத்தி அறிவுள்ளதாகத் தோன்றுகிறது, செயலற்ற புருடன் செய்பவனாகத் தோன்றுகிறான். இப்படி மாறித் தோன்றுவதைக் காரிகையே சொல்கிறது. வாசஸ்பதி, புருடனின் சாயல் புத்தியில் விழுவதோடு நிறுத்திக்கொண்டார். 16ஆம் நூற்றாண்டில் வந்த விஞ்ஞானபிக்ஷு அது போதாது என்றார். சாயல் புத்தியில் மட்டும் விழுந்தால், அனுபவம் புத்தியோடு நின்றுவிடும், புருடனுக்கு அது போய்ச் சேராது. ஆகவே அந்தப் புத்தி மறுபடி புருடனிலும் பிரதிபலிக்க வேண்டும் என்று இருபுறச் சாயலைச் சொன்னார். இரண்டிலும் குறை தெரிகிறது. ஒருபுறச் சாயலில் புருடன் அனுபவிப்பவனே இல்லை. இருபுறச் சாயலில் அவன் ஏதோ ஒன்றை ஏற்றுக்கொள்பவனாகிவிடுகிறான், மாறாதவன் என்ற இலக்கணத்துக்கு இழுக்கு. ஒரு பள்ளிக்குள்ளேயே இந்த விவாதம் பல நூற்றாண்டுகள் நீடித்தது என்பதே, முடிச்சு எங்கே இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததற்குச் சான்று.

வலி என்ற ஒரே அனுபவத்தை எடுத்துக்கொண்டால் இரு தரப்பின் இழப்பும் இலாபமும் தெளிவாகத் தெரியும். கப்பலில் உட்கார்ந்திருக்கும் மாலுமியைப் போல நான் உடம்பில் இருக்கவில்லை என்கிறார் டெக்கார்ட். கப்பலில் ஓட்டை விழுந்தால் மாலுமி அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வான், அவனுக்கு வலிக்காது. என் காலில் அடிபட்டால் எனக்கு வலிக்கிறது. ஆகவே ஆன்மா உடம்போடு கலந்து, ஒன்றுபோல் ஆகியிருக்கிறது என்பது அவர் வாதம். வலியை அதன் முழுக் கசப்போடு ஒப்புக்கொள்ளும் வாதம் இது. ஆனால் கலக்கவே முடியாத இரண்டு எப்படிக் கலந்தன என்று அவரால் சொல்ல முடியவில்லை.

சாங்கியத்தின் புருடன் அந்த மாலுமியைவிடவும் விலகியவன். மாலுமியாவது சுக்கானைப் பிடிக்கிறான். வலி என்பது புத்தியில் இராசதம் ஓங்கியதன் விளைவு. தன்னைப் புத்தியிலிருந்து பிரித்தறியாததால் அது புருடனின் வலியாகத் தோன்றுகிறது. பிரித்தறிந்துவிட்டால் வலி அவனுடையதல்ல. துன்பத்தை நீக்கப் புறப்பட்ட தரிசனத்துக்கு இது கச்சிதமான முடிவுதான். ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எந்தப் புருடனும் கட்டுண்டதில்லை, எவனும் விடுபடுவதும் இல்லை, கட்டுண்டு, பிறவியில் சுழன்று, விடுபடுவது பிரகிருதியே என்று காரிகையே ஓரிடத்தில் சொல்லிவிடுகிறது. அப்படியானால் இத்தனை முயற்சியும் யாருக்காக? ‘புருடனுக்காக’ என்றுதான் அதே நூல் திரும்பத் திரும்பச் சொல்கிறது. கன்றுக்காக அறிவற்ற பால் தானே சுரப்பதைப்போல் பிரகிருதி இயங்குகிறதாம். பால் தானாகச் சுரக்கவில்லை, கன்றின் மேல் அன்புள்ள பசுவினால் சுரக்கிறது என்று சங்கரர் இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்.

இன்றைய மனத்தத்துவத்தில் இந்த இரண்டு கோடுகளில் எது நிற்கிறது என்று கேட்டால், டெக்கார்ட்டின் கோடு பெரும்பாலும் அழிந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். கணக்குப் போடுவது, நினைவு வைப்பது, முடிவெடுப்பது எல்லாவற்றுக்கும் மூளையில் விளக்கம் தேடுவது இயல்பாகிவிட்டது. 1995இல் ஆஸ்திரேலியத் தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ், இப்படிப்பட்ட வேலைகளை விளக்குவதை எளிய சிக்கல்கள் என்றும், இந்த வேலைகள் நடக்கும்போது உள்ளே ஓர் அனுபவம் ஏன் இருக்கிறது என்பதைக் கடினமான சிக்கல் என்றும் பிரித்தார். அந்தப் பிரிவு சாங்கியத்தின் கோட்டுக்கு வியப்பூட்டும் அளவு அருகில் வருகிறது. அருகில்தான், அதன் மேலேயே அல்ல. சால்மர்ஸின் கடினச் சிக்கலில் சிவப்பின் சிவப்புத்தன்மையும் வலியின் வலித்தன்மையும் அடக்கம். சாங்கியத்தில் அவை புத்தியின் உருவங்கள், பிரகிருதியின் பக்கம். புருடனுக்கு மிஞ்சுவது நிறமில்லாத வெறும் ஒளி மட்டும். இந்தக் காரணத்தால், சாங்கியர்கள் அன்றே நவீன நரம்பியலைச் சொல்லிவிட்டார்கள் என்று பெருமை பேசுவோரோடு என்னால் சேர முடியவில்லை. மூளை என்ற உறுப்புக்கு அவர்கள் நூலில் தனி இடமே கிடையாது.

வெறும் ஒளியாகப் புருடனைச் சுருக்கியதில் இன்னொரு நெருக்கடியும் ஒளிந்திருக்கிறது. புருடர்கள் பலர் என்பது சாங்கியத்தின் உறுதியான கொள்கை. அதற்குக் காரிகை தரும் காரணங்கள் நியாயமாகவே தோன்றும். ஒருவர் பிறக்கும்போது எல்லோரும் பிறப்பதில்லை, ஒருவர் இறந்தால் எல்லோரும் இறப்பதில்லை, ஒருவர் கண்ணிழந்தால் எல்லோரும் கண்ணிழப்பதில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே செயலில் இறங்குவதும் இல்லை, ஒவ்வொருவரிடமும் குணங்களின் விகிதம் வேறு. இந்தப் பட்டியலை மறுபடி பார்த்தால் ஒன்று புலப்படும். பிறப்பு, இறப்பு, கண், செயல், குணம் எல்லாமே பிரகிருதியின் பக்கத்துச் சரக்கு. வழிப்போக்கனின் புருடனையும் கள்வனின் புருடனையும் அருகருகே வைத்தால், ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லை என்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. நினைவு இல்லை, விருப்பம் இல்லை, இடம்கூட இல்லை. பிறகு அவர்கள் இருவர் என்று எப்படிச் சொல்வது? அத்வைதி இந்த இடத்தில் புன்னகையோடு ஒருவர்தான் என்பார். டெக்கார்ட்டுக்கு இந்தத் தொல்லை இவ்வளவு கடுமையாக இல்லை. அவருடைய ஆன்மாக்கள் ஒவ்வொன்றும் தத்தம் எண்ணங்களோடு இருப்பவை. எண்ணங்களைக் கொடுத்துவிட்டு எலிசபெத்தின் கேள்வியிலிருந்து தப்பியது சாங்கியம். எண்ணங்களை வைத்துக்கொண்டதால் அதில் மாட்டிக்கொண்டவர் டெக்கார்ட்.